இ-சிம் ஏறிவிட்டது, டேட்டா வரவில்லை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டுப் பயணத்துக்கு வாங்கிய இ-சிம்மின் கியூஆரை ஸ்கேன் செய்தாயிற்று. போய் இறங்கியதும் சிக்னலும் நன்றாகவே காட்டுகிறது, ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. இந்த நிலையில் பலர் அவசரப்பட்டு இ-சிம்மை அழித்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யப் பார்க்கிறார்கள். இருப்பதிலேயே மோசமான தவறு இதுதான். பெரும்பாலான கியூஆர்கள் ஒருமுறைதான் வேலை செய்யும். அழித்துவிட்டால், விற்றவரிடம் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டியதுதான்.

சிக்னல் தெரிகிறது என்றால் இ-சிம் நெட்வொர்க்கில் பதிவாகிவிட்டது என்று பொருள். கோளாறு பெரும்பாலும் செட்டிங்கில்தான் இருக்கும். சிக்னலே இல்லை என்றால் கதை வேறு: போனில் ஏறுவதும் திட்டம் ஆக்டிவேட் ஆவதும் ஒன்றல்ல. பல பயணத் திட்டங்கள், போய்ச் சேரும் நாட்டு நெட்வொர்க்கில் முதன்முதலாக இணையும்போதுதான் தொடங்கும். ஊரிலிருந்தே சோதித்து "No Service" என்று வந்தால் பதற வேண்டாம். போய் இறங்கிய பிறகும் அப்படியே இருந்தால், சிம்மின் அடையாள எண்ணான, 89 என்று தொடங்கும் ICCID எண்ணை விற்றவரிடம் கொடுத்து நிலையைக் கேளுங்கள்.

அடுத்தது, பில் எகிறிவிடுமோ என்ற பயத்தில் ரோமிங்கை மொத்தமாக அணைத்து வைப்பது. பயணத்துக்கென்று விற்கப்படும் இ-சிம்களில் பல, வேறொரு நாட்டு நிறுவனத்தின் சிம்களே. போகிற நாட்டில் அவை ரோமிங்கில்தான் ஓடும். அதனால் Data Roaming அணைந்திருந்தால் சிக்னல் வரும், டேட்டா வராது. இந்த ஸ்விட்ச் ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனி என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஐபோனில் Settings திறந்து மொபைல் பகுதிக்குப் போய், அந்த இ-சிம்மின் பெயரைத் தொட்டு உள்ளே போனால் அதற்கான ரோமிங் தெரியும். அங்கே ஆன் செய்யுங்கள். ஊர் சிம்முக்குள் போய் அதே ஸ்விட்சை ஆஃப் செய்யுங்கள். பில் பயத்துக்கு மருந்து அதுதான்.

அப்புறம், டேட்டாவுக்கு எந்த சிம் என்ற இடத்தில் பழைய சிம்மே தேர்வாகி இருக்கிறதா பாருங்கள். இ-சிம்முக்கு மாற்றிவிட்டு, Allow Mobile Data Switching ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் போன் தானாக ஊர் சிம்மின் டேட்டாவுக்குத் தாவக்கூடும்.

இவ்வளவும் சரி, இன்னும் வரவில்லையா? போன் எந்த வழியாக இணையத்துக்குள் நுழைய வேண்டும் என்று சொல்லும் APN பெயரைப் பாருங்கள். விற்றவர் அனுப்பிய குறிப்பில் இருப்பதை எழுத்து மாறாமல் அடிக்க வேண்டும். இடைவெளி ஒன்று கூடினாலும் இணையாது. ஐபோனில் இன்னொரு சிக்கலும் உண்டு. முன்பு பயன்படுத்திய நிறுவனத்தின் APN புரொஃபைல் போனில் தங்கியிருந்தால், அது புதிய சிம்மின் டேட்டாவைத் தடுக்கலாம். General உள்ளே VPN & Device Management பகுதியில் அது தெரியும். அலுவலகம் போட்டதாக இல்லாவிட்டால் நீக்கலாம். நீக்க வேண்டியது இந்தப் புரொஃபைலைத்தான், இ-சிம்மை அல்ல. நீக்கியதும் ஏர்பிளேன் மோடை ஒருமுறை போட்டு எடுங்கள்.