அரசுப் பள்ளி உதவித்தொகைக்கு முன்னாள் மாணவர்களிடம் நிதி கேட்டுக் கடிதம் எழுதுவது எப்படி?

பழைய பள்ளிக்கு உதவித்தொகை நிதி தொடங்கலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சொன்னதும் நாற்பது பேர் கைகூப்பும் படம் போடுவார்கள். பணம் அனுப்புவது நாலு பேர்தான். மற்றவர்களுக்கு மனமில்லை என்று சொல்லிவிட முடியாது. எவ்வளவு, எதற்கு, எப்போதுக்குள் என்று அவர்களிடம் யாரும் தெளிவாகக் கேட்டிருக்க மாட்டார்கள். அதைக் கேட்பதுதான் இந்தக் கடிதத்தின் வேலை.

முதல் படி: "கட்டணமே இல்லையே, எதுக்கு உதவித்தொகை?"

படிக்கிறவர் மனதில் எழும் முதல் கேள்வி இது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் பாடப்புத்தகம், சீருடை, மிதிவண்டி, பஸ் பாஸ் எல்லாம் அரசே தருகிறது. கல்லூரிக்குப் போனால் மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் தொழிற்கல்விக்குப் போகிறவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இவ்வளவையும் தெரிந்த ஒருவரிடம் "ஏழை மாணவர்கள் படிக்க உதவுங்கள்" என்று பொதுவாக எழுதினால் அவர் நகர்ந்துவிடுவார்.

அதனால் எழுத உட்காரும் முன் தலைமையாசிரியரையும் பிளஸ் டூ வகுப்பாசிரியர்களையும் பாருங்கள். போன வருடம் இடம் கிடைத்தும் சேராமல் போனவர்கள் யார், எந்த இடத்தில் தடைபட்டது என்று கேளுங்கள். பல ஊர்களில் பதில் ஒன்றாகத்தான் இருக்கும். அரசின் பணம் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வரும். சேர்க்கைக் கட்டணம், விடுதி முன்பணம், முதல் மாதப் பஸ் செலவு இதெல்லாம் சேரும் வாரத்திலேயே கையில் வேண்டும். உங்கள் நிதி அந்த இடைவெளியை அடைக்கட்டும். உங்கள் பள்ளியில் பதில் வேறாக இருந்தால் கடிதமும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: கணக்கு

ஒரு மாணவருக்குச் சேரும்போது 15,000 ரூபாய் தேவை என்று தெரிகிறது, இந்த வருடம் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,50,000. உங்கள் செட்டில் முகவரியோ எண்ணோ கிடைத்தவர்கள் 120 பேர். உடனே 1,50,000-ஐ 120-ஆல் வகுத்து "தலைக்கு 1,250" என்று எழுதத் தோன்றும். அப்படி எழுதாதீர்கள். எல்லோரும் கொடுக்கப் போவதில்லை, அதனால் குறையும். அதிகம் கொடுக்க நினைத்தவரும் 1,250-ஓடு நிறுத்திக்கொள்வார்.

இப்படிப் பிரித்துப் பாருங்கள்: 15,000 தருபவர் மூவர், 5,000 தருபவர் ஒன்பது பேர், 2,000 தருபவர் முப்பது பேர். 45,000, 45,000, 60,000 என்று தொகை சரியாக வந்துவிடுகிறது. 42 பேர் போதும். அந்த மூவரிடம் கடிதம் அனுப்பும் முன்பே போனில் பேசி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். "ஏற்கெனவே மூன்று மாணவர்களுக்கான தொகை வந்துவிட்டது" என்று எழுத முடிந்தால் மற்றவர்கள் தயங்குவது பாதியாகக் குறையும்.

மூன்றாம் படி: பணம் எங்கே வரும்?

ஒருவரின் சொந்தக் கணக்கோ சொந்த ஜிபே எண்ணோ கூடவே கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். பதிவு செய்த முன்னாள் மாணவர் சங்கத்தின் பெயரில், இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற கணக்கு வேண்டும். யாருக்குத் தருவது என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவோடு சேர்ந்து முடிவு செய்வது நல்லது. வரிச்சலுகை உண்டு என்று எழுதுவது, சங்கத்துக்கு 80ஜி பதிவு கையில் இருந்தால் மட்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் விஷயத்தில் கொஞ்சம் கவனம். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கலில்லை. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்புவது, அவர் நம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவராகவே இருந்தாலும், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும். அந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. கடிதத்தில் இதை ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

நான்காம் படி: கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். சங்கத் தலைவர் பெயரில் அனுப்புவதைவிட அந்தந்த செட்டைச் சேர்ந்த ஒருவர் கையெழுத்திட்டு அனுப்பினால் பலன் அதிகம். கையெழுத்தில் உள்ள பெயரைப் பார்த்ததும் "அட, இவனா!" என்று தோன்ற வேண்டும். 1998 செட்டுக்கு ஒரு மாதிரி:

> அன்புள்ள நண்பருக்கு,
>
> நம் பள்ளியில் இந்த வருடம் பிளஸ் டூ எழுதுகிறவர்களில் பத்துப் பேருக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் சேரும் வாரத்தில் கையில் பணம் இருக்காது என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அரசின் மாத உதவி பிறகு வரும். அதற்கு முன் கட்ட வேண்டிய சேர்க்கைக் கட்டணமும் விடுதி முன்பணமும்தான் சிக்கல். ஒருவருக்கு 15,000 ரூபாய்.
>
> நம் செட்டிலிருந்து இந்தப் பத்துப் பேரையும் சேர்த்துவிடலாம் என்று இறங்கியிருக்கிறோம். மூன்று பேருக்கான தொகை வந்துவிட்டது. மீதி ஏழு பேருக்கு நீங்கள் 5,000 ரூபாய் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 2,000 தான் இப்போது முடியும் என்றால் அதுவும் சரி.
>
> தேர்வு முடிவு மே மாதம் வரும். ஏப்ரல் 30-க்குள் பணம் கணக்கில் இருந்தால் யாரையும் காக்க வைக்க வேண்டியதில்லை. கணக்கு விவரம் கீழே. அனுப்பியதும் பெயரையும் செட்டையும் எனக்கு ஒரு மெசேஜில் போடுங்கள், ரசீது வரும்.
>
> உங்கள் வகுப்புத் தோழன், (கையெழுத்து)
>
> பி.கு.: யார் யாருக்கு என்று பெயர் வெளியிட மாட்டோம். எத்தனை பேர், எந்தப் படிப்பு, எவ்வளவு செலவு என்ற கணக்கு ஆகஸ்டில் உங்களுக்கு வரும்.

கவனியுங்கள், தொகை நேராகக் கேட்கப்பட்டிருக்கிறது. "தங்களால் இயன்றதை" என்று எழுதுவது நமக்கு மரியாதையாகப் படும், ஆனால் படிக்கிறவருக்கு எவ்வளவு என்று யோசிக்கும் பாரம் வந்துவிடுகிறது. அப்புறம் பார்க்கலாம் என்று மூடி வைத்துவிடுவார். 15,000 தரக்கூடியவர் என்று தெரிந்தவருக்கு அதே கடிதத்தில் தொகையை மட்டும் மாற்றுங்கள். பி.கு.வை முக்கால்வாசிப் பேர் முதலில் படிப்பார்கள் என்பது என் எண்ணம், அதனால் நம்பிக்கை தரும் செய்தி அங்கே இருக்கட்டும்.

கடிதத்தில் இல்லாததையும் பாருங்கள். அழுத முகம் இல்லை, மாணவியின் படமும் பெயரும் இல்லை. "தந்தையை இழந்து, தாய் கூலி வேலை செய்து..." என்று எழுதினால் பணம் கொஞ்சம் கூடுதலாக வரலாம். ஊரில் பாதிப் பேருக்கு அது யார் வீடு என்றும் தெரிந்துவிடும். அந்தப் பெண் அதே தெருவில்தான் நடக்க வேண்டும்.

ஐந்தாம் படி: அனுப்பிய பிறகு

பிப்ரவரி கடைசியில் அனுப்புங்கள். முகவரி இருந்தால் தபாலில், இல்லையென்றால் தனித்தனி மெசேஜாக. குழுவில் மட்டும் போட்டால் யாருக்கும் அது தனக்கு வந்ததாகத் தோன்றாது. மூன்று வாரம் கழித்து, பதில் வராதவர்களுக்கு மட்டும் நாலு வரியில் ஒரு நினைவூட்டல். கொடுத்தவருக்கு அதே நினைவூட்டல் போய்விட்டால் கசப்புதான் மிஞ்சும், ஆகவே பட்டியலை அன்றன்று திருத்துங்கள். "யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை" என்ற பட்டியலைக் குழுவில் போடவே போடாதீர்கள்.

ஆகஸ்டில் சொன்னபடி கணக்கு அனுப்ப வேண்டும். எட்டுப் பேர்தான் கல்லூரியில் சேர்ந்தார்கள், 30,000 மீதம் என்றால் அதை அப்படியே எழுதி, அடுத்த வருடத்துக்கு வைத்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். பணம் தராதவர்களுக்கும் இந்தக் கணக்குக் கடிதத்தை அனுப்பலாம், கீழே உள்ள வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் விட்டுவிட்டு.