ஒரே முட்டை, இரண்டு வாணலி: எவர்சில்வரா, வார்ப்பிரும்பா?

எவர்சில்வர் வாணலியில் முட்டை ஒட்டினால் பெரும்பாலும் சூட்டில் கோளாறு. வார்ப்பிரும்பில் ஒட்டினால் பெரும்பாலும் வாணலியைச் சரியாகப் பழக்கவில்லை. இரண்டிலும் ஒரு முட்டையைப் பொரித்துப் பாருங்கள், வித்தியாசம் புரிந்துவிடும்.

முதலில் எவர்சில்வர். எண்ணெய் ஊற்றாமல், மிதமான தீயில் இரண்டு மூன்று நிமிடம் காயவிடுங்கள். ஒரு சொட்டு தண்ணீர் தெளியுங்கள். அது பரவிச் சுர்ரென்று வற்றினால் இன்னும் காய வேண்டும். பாதரசக் குண்டுபோல உருண்டு ஓடினால் போதும். இனி தீயைக் குறைத்து, அரை நிமிடம் பொறுத்து, எண்ணெய் ஊற்றி முட்டையை உடைத்துவிடுங்கள். உடனே கரண்டியைப் போடாதீர்கள். அடிப்பக்கம் வெந்ததும் பெரும்பாலும் தானே விட்டுக்கொடுக்கும். எண்ணெய் புகைந்தால் சூடு அதிகம், இறக்கி ஆறவிடுங்கள். எவர்சில்வர் வெப்பத்தை நன்றாகக் கடத்தாது, அதனால் மெல்லிய வாணலியில் தீ படும் இடம் மட்டும் கருகும். அடியில் அலுமினியம் வைத்த கனமான வாணலியே நல்லது.

வார்ப்பிரும்பு சூட்டைச் சீராகப் பரப்பும் என்பார்கள். உண்மையில் அதுவும் மெதுவாகத்தான் கடத்துகிறது; கனமாக இருப்பதால் சூட்டைப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். அதனால் சிறு தீயில் ஐந்தாறு நிமிடம், அவ்வப்போது திருப்பி வைத்துச் சூடாக்குங்கள். அடுப்பை அணைத்த பிறகும் முட்டை வெந்துகொண்டிருக்கும், கொஞ்சம் முன்னதாகவே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் பழக்குவது. வாணலியைக் கழுவி, சிறு தீயில் ஈரம் போகக் காயவையுங்கள். சில சொட்டு சமையல் எண்ணெயை உள்ளும் புறமும் தேய்த்து, பிறகு எண்ணெயே பூசவில்லை என்று தோன்றும் அளவுக்குத் துணியால் துடைத்தெடுங்கள். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஜன்னலைத் திறந்துவைத்து, புகை வந்து அடங்கும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். எண்ணெய் இறுகி ஒரு கெட்டிப் படலமாகும். இதையே மூன்று நான்கு முறை செய்யுங்கள். ஆறியதும் தொட்டுப் பாருங்கள்: வழவழப்பாக, உலர்ந்து இருந்தால் சரி. பிசுபிசுத்தால் எண்ணெய் கூடிவிட்டது. மறுபடி சூடாக்குங்கள், அப்படியும் போகாவிட்டால் தேய்த்தெடுத்துவிட்டு முதலிலிருந்து பூசுங்கள்.

கழுவும்போது எவர்சில்வரை ஊறவைக்கலாம், நாரால் தேய்க்கலாம்; வானவில் கறை வினிகரில் போய்விடும். வார்ப்பிரும்பை ஊறவைக்கவே கூடாது. கொஞ்சம் பாத்திர சோப்பு போட்டால் படலம் போய்விடாது. ஆனால் கழுவியதும் அடுப்பில் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். துரு பிடித்தாலும் தூக்கிப் போட வேண்டாம், தேய்த்துவிட்டு மறுபடி பழக்கினால் போதும்.

தக்காளி, எலுமிச்சை, வினிகர் சேர்த்து நெடுநேரம் கொதிப்பதை எவர்சில்வரில் வையுங்கள். வார்ப்பிரும்பில் புளிப்பு படலத்தை அரித்து, உணவில் இரும்பு வாடையை ஏற்றும். ஒன்றுதான் வாங்க முடியும், கழுவிவிட்டு ஈரத்தோடு கவிழ்த்து வைக்கிற பழக்கமும் உண்டு என்றால், யோசிக்காமல் எவர்சில்வரை எடுங்கள்.