ஒரே பிரீசெட், ஐந்து வெளிச்சம்: விழாப் படங்களை மொத்தமாகத் திருத்துகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காதணி விழா, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று வீட்டு விசேஷங்களைப் படம் எடுக்க வரும் பிள்ளைகள் படத் திருத்த மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் முதலில் பழகுவது, திருத்த அளவுகளைச் சேமித்து வைத்து மற்றப் படங்களுக்கும் கொடுக்கும் பிரீசெட்; அடுத்தது, ஒரு படத்தின் அளவுகளைத் தேர்ந்தெடுத்த மற்றப் படங்களுக்கு அனுப்பும் சிங்க். இரண்டும் கைவந்ததும், அறுநூறு படங்களை அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்ற தைரியம் வந்துவிடுகிறது. பழக வருகிறவர்களுக்குப் பின்னால் நின்று பார்த்தால், நாங்கள் செய்து ஓய்ந்த தவறுகளையே அவர்களும் அதே வரிசையில் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மெமரி கார்டை நகல் எடுக்காமல் அழிப்பது, கண் மூடிய படங்களைக் கழிக்காமலே திருத்த உட்காருவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை ஒரு முறை அடிபட்டால் தானாகத் திருந்திவிடும். பலமுறை அடிபட்டும் திருந்தாத ஒன்று இருக்கிறது.

## பிரீசெட்டுக்குள் ஒயிட் பேலன்ஸையும் எக்ஸ்போஷரையும் வைப்பது

எங்களிடம் பழகிய ஒரு தம்பி, திண்டுக்கல் பக்கம் நடந்த காதணி விழாப் படங்களைத் திருத்த உட்கார்ந்தான். காலையில் குலதெய்வக் கோயில் வேப்பமரத்து நிழலில் மொட்டை. பிறகு வெயிலில் தாய்மாமன் சீர் ஊர்வலம். மண்டபத்துக்குள் ஃபிளாஷ் போட்டு எடுத்த உறவினர் படங்கள். வீடியோக்காரரின் மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் மேடையில் காது குத்து. கடைசியில் டியூப் லைட்டுக்கு அடியில் பந்தி. ஒரே நாள், ஒரே குடும்பம்; வெளிச்சம் மட்டும் ஐந்து.

முக்கியமான படம் என்று காது குத்தையே முதலில் எடுத்துக்கொண்டான். மேடை விளக்கின் மஞ்சளை அடக்க ஒயிட் பேலன்ஸை 3400 கெல்வினில் வைத்தான். மேடை சற்று இருட்டு என்பதால் எக்ஸ்போஷரை 0.70 ஏற்றினான். கர்வ், நிறங்கள், ஷார்ப்னிங் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தான். படம் உண்மையிலேயே அழகாக இருந்தது. அதை அப்படியே, எல்லாப் பெட்டிகளிலும் டிக் இருக்க, பிரீசெட்டாகச் சேமித்து அறுநூறு படங்களுக்கும் கொடுத்துவிட்டான்.

மர நிழலில் எடுத்த படத்துக்கு ஏறத்தாழ 6500 முதல் 7000 கெல்வின் வரை தேவைப்படும். அதற்கு 3400 வைத்தால் படம் முழுக்க நீலம் ஏறிவிடும். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் சிமெண்டுப் பூச்சு போல ஆகிவிட்டது. வெயிலில் வந்த சீர்த்தட்டுகளோ, கூடுதல் எக்ஸ்போஷர் ஏறியதில் வெளுத்துப்போயின.

இதுவரை நடந்தது பெரிய நஷ்டமில்லை. அதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நீலத்தைப் பார்த்துப் பதறி, கோயில் படங்களையும் ஊர்வலப் படங்களையும் ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்தான். ஒரு முழுநாள் போயிற்று. மறுநாள் பட்டுப்புடவையின் சிவப்பு அதிகம் என்று தோன்ற, பிரீசெட்டில் அந்தச் சிவப்பை மட்டும் குறைத்து, மறுபடி எல்லாவற்றுக்கும் கொடுத்தான். முதல்நாள் வேலை முழுவதும் அழிந்தது. அவசரத்தில் அதைக் கவனிக்காமல் சில பக்கங்கள் ஆல்பத்துக்கும் போய்விட்டன. "பிள்ளைக்குத் தலையெல்லாம் ஏன் நீலம் பாரித்திருக்கிறது?" என்று பாட்டி கேட்ட பிறகு, அந்தப் பக்கங்களை எங்கள் செலவில் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தோம்.

"சிவப்பை மட்டும்தானே அண்ணே மாற்றினேன்?" என்று கேட்டான். அவன் மாற்றியது சிவப்பைத்தான். ஆனால் பிரீசெட் படத்தின் மேல் எதையும் கூட்டுவதில்லை. தன்னிடம் உள்ள எண்ணை, படத்தில் இருக்கும் எண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கிறது. கையால் 6800 என்று வைத்திருந்தாலும், பிரீசெட்டில் 3400 இருந்தால் 3400 ஆகிவிடும். எக்ஸ்போஷரை 0.30 குறைத்திருந்தாலும் அது போய் 0.70 ஏறி நிற்கும். சிங்க்கும் இதே கணக்குதான். பிரீசெட்டில் எந்த அளவு இல்லையோ அந்த அளவை மட்டும்தான் அது தொடாமல் விடும்.

ஆகவே பிரீசெட்டைச் சேமிக்கும் பெட்டியில் White Balance, Exposure, மாஸ்க் ஆகியவற்றின் டிக்கை எடுத்துவிட வேண்டும். புரொஃபைல், கர்வ், நிறக் கலவை, ஷார்ப்னிங், லென்ஸ் திருத்தம் ஆகியவை இருக்கட்டும். இவை விழா முழுவதற்கும் பொதுவான சாயல். வெளிச்சத்தைச் சரிசெய்வது அந்தந்த இடத்துக்கான வேலை. இப்படிப் பிரித்துவிட்டால், சிவப்பைப் பத்து முறை மாற்றிக் கொடுத்தாலும் கைவேலை அழியாது.

இனி அதே விழாவைச் சரியான வரிசையில் பார்ப்போம். பொதுப் பிரீசெட்டை அறுநூறு படங்களுக்கும் முதலிலேயே கொடுத்துவிடலாம். பிறகு கிரிட் பார்வையில் வெளிச்சவாரியாகப் பிரிக்க வேண்டும். படங்கள் நேர வரிசையில் இருப்பதால் பாதி வேலை தானாக முடிந்துவிடும். மண்டபத்துக்குள் ஃபிளாஷ் போட்டதும் போடாததும் கலந்திருந்தால், மேலே உள்ள ஃபில்டரில் Metadata-வைத் திறந்து, ஒரு பத்தியை Flash State என்று மாற்றினால் இரண்டும் பிரிந்துவிடும். 6 முதல் 9 வரையான விசைகள் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று வண்ண அடையாளம் வைக்கும். ஐந்தாவது குழுவுக்கு அடையாளமே வேண்டாம். அடையாளம் இல்லாததே அதன் அடையாளம்.

ஒவ்வொரு குழுவிலும் முகம் நன்றாகத் தெரியும் ஒரு படத்தை எடுத்து ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்து, அந்தக் குழுவை மட்டும் தேர்ந்தெடுத்து, சிங்க் பெட்டியில் Check None அழுத்தி, White Balance-க்கு மட்டும் டிக் வைத்து அனுப்ப வேண்டும். Check None-ஐ விடாமல் அழுத்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் பெட்டி போன முறை வைத்த டிக்குகளை அப்படியே நினைவில் வைத்திருக்கும். போன வாரக் கல்யாணத்துக்கு வைத்தது இந்த வாரக் காதணி விழாவில் வந்து நிற்கும்.

எக்ஸ்போஷருக்கு இரண்டு வழிகள். கேமராவே ஷட்டர் வேகத்தை மாற்றிக்கொள்ளும் முறையில், ஒரே வெளிச்சத்தில் எடுத்திருந்தால், சரியான படத்தை முதன்மையாக வைத்து, Settings மெனுவில் Match Total Exposures கொடுக்கலாம். ஷட்டர், அப்பெர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் கணக்கிட்டு மற்றப் படங்களை அது சமப்படுத்தும். ஃபிளாஷ் வெளிச்சம் அதன் கணக்கில் வராது என்பதால் அந்தக் குழுவுக்கு இது உதவாது.

இரண்டாவது, பலர் திறந்தே பார்க்காத Quick Develop. லைப்ரரி பகுதியில் வலப்பக்கம் இருக்கிறது. அங்கே உள்ள அம்புக்குறிகள் மட்டும்தான் இருக்கும் அளவின் மேல் கூட்டிக் கழிப்பவை. கையால் சரிசெய்த நூறு படங்களும் மொத்தத்தில் சற்று இருட்டு என்று தோன்றினால், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒற்றை அம்பை ஒரு முறை அழுத்தினால் போதும். ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்திலிருந்து மூன்றில் ஒரு ஸ்டாப் ஏறும். படங்களுக்கு இடையே இருந்த வித்தியாசம் அப்படியே இருக்கும். கெல்வினுக்கும் அங்கே இதே போன்ற அம்புகள் உண்டு.

தவறு நடந்துவிட்டதா என்று அறிய, கிரிட்டில் படங்களை மிகச் சிறியதாக்கிப் பாருங்கள். தனியாகப் பார்க்கும்போது கண் பழகிப் போகும் நீலம், பக்கத்தில் பதினைந்து படங்கள் இருக்கும்போது உடனே தெரிந்துவிடும். உடனே கண்டுவிட்டால் Ctrl+Z மொத்தத்தையும் திருப்பிவிடும். லைட்ரூமை மூடித் திறந்துவிட்டால் அந்த வழி போயிற்று. History-யில் பிரீசெட் வரிக்குக் கீழே உள்ள நிலையை ஒவ்வொரு படமாகச் சொடுக்கித்தான் மீட்க வேண்டும்.

## As Shot என்று இருக்கும்போதே சிங்க் செய்வது

முதன்மைப் படத்தின் நிறம் தொடாமலே சரியாக இருக்கிறது என்று அப்படியே சிங்க் செய்வார்கள். எதுவும் ஒன்றுபோல வராது. ஒயிட் பேலன்ஸ் As Shot என்று இருந்தால், சிங்க் எண்ணை எடுத்துப் போவதில்லை, As Shot என்ற கட்டளையைத்தான் எடுத்துப் போகிறது. கேமராவை ஆட்டோவில் வைத்திருந்தால் படத்துக்குப் படம் வேறு எண்தான் இருக்கும். Auto என்று இருந்தாலும் இதே கதைதான். கெல்வினைச் சிறிதளவு நகர்த்தி Custom என்று வந்த பிறகே அனுப்புங்கள்.

## வேட்டியில் ஐடிராப்பர் வைப்பது

ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்யும் ஐடிராப்பரை, வெள்ளை என்றால் வேட்டிதானே என்று அதில் வைத்துச் சொடுக்குகிறார்கள். சொட்டு நீலம் போட்டுத் துவைத்த வேட்டி நிழலிலும் ஃபிளாஷிலும் நீலம் காட்டும். லைட்ரூம் அந்த நீலத்தைச் சமன்செய்யப் போய், பக்கத்தில் நிற்கும் எல்லார் முகத்திலும் மஞ்சளை ஏற்றிவிடும். சுண்ணாம்புச் சுவரும் எவர்சில்வர் குடமும் கூட நம்பத்தக்கவை அல்ல. சுவர் பக்கத்து நிறத்தை வாங்கும், குடம் எதிரில் உள்ளதைக் காட்டும். ஒவ்வொரு இடத்திலும் தொடக்கத்தில் ஒரு சாம்பல் அட்டையை யாராவது பிடிக்கச் சொல்லி ஒரு படம் எடுத்துவிட்டால் இந்தச் சண்டையே இல்லை.

## Auto Sync

பொத்தானில் Sync என்று இருக்கிறதா, Auto Sync என்று இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கை வையுங்கள். Auto Sync என்றால், நீங்கள் நகர்த்தும் ஒவ்வொன்றும் தேர்ந்தெடுத்த எல்லாப் படங்களிலும் உடனே ஏறிவிடும்.

## கிராப்பை சிங்க் செய்வது

வேண்டாம்.

## மாமா அனுப்பிய கைப்பேசிப் படங்களைக் குழுவில் சேர்ப்பது

ரா கோப்பில் ஒயிட் பேலன்ஸ் கெல்வினில் இருக்கும். ஜேபெக்கில் கெல்வின் கிடையாது. -100 முதல் +100 வரை இருக்கும். நிறம் ஏற்கெனவே கோப்புக்குள் கலந்துவிட்டதால், ராவில் வைத்த எண்ணுக்கு அங்கே பொருளில்லை. கைப்பேசிப் படங்களைத் தனிக் குழுவாக வைத்துத் தனியாகத் திருத்துங்கள். பொதுப் பிரீசெட்டைக் கொடுத்தாலும் ஷார்ப்னிங்கை எடுத்துவிட்டுக் கொடுங்கள். கைப்பேசி அதை ஏற்கெனவே வேண்டிய மட்டும் செய்திருக்கும்.

## முகம் வெளுக்க ஆரஞ்சை ஏற்றுவது

விலைக்கு வாங்கும் பிரீசெட்டுகளில் பல, நிறக் கலவையில் ஆரஞ்சின் வெளிச்சத்தை ஏற்றி வைத்திருக்கும். நம் முகநிறம் பெரும்பாலும் அந்த ஆரஞ்சுக்குள்தான் இருக்கிறது. தங்க நகையும், சந்தனமும், வாழைப்பழச் சீப்பும் அங்கும் அதை அடுத்த மஞ்சளிலும் இருக்கின்றன. ஒரு முகத்தை வெளுக்க நினைத்து ஏற்றிய அளவு, அறுநூறு படங்களிலும் நகையைப் பித்தளையாக்கிவிடும். கறுத்த முகத்தை வெளுத்துக் காட்டச் சொல்லிக் கேட்கிறவர்களும் உண்டு; அதை நான் செய்வதில்லை. நிழலில் முகம் தெரியவில்லை என்றால் அந்தப் படத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு ஏற்றலாம். பிரீசெட்டில் அந்த ஆரஞ்சைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, காதில் புதிதாக ஏறிய கம்மலை நூறு சதவீதப் பெரிதாக்கத்தில் ஒரு முறை பாருங்கள்.