"ஓடித்தேன்" என்றாள் மகள்

சிங்கப்பூரில் தொடக்கநிலை 2 படிக்கும் என் மகள் ஒரு நாள், "அம்மா, நான் ஓடித்தேன்" என்றாள். தப்பு என்னுடையது. படி, குடி, ஓடு, பாடு எல்லாப் படஅட்டைகளையும் ஒரே கட்டாகக் கலந்து கொடுத்திருந்தேன். 'படித்தேன்' பழகிய வாய், ஓடுவதற்கும் அதையே ஒட்டிக்கொண்டது.

கட்டைப் பிரித்தேன். நீல அட்டையில் படி, குடி, சிரி, நடி; எல்லாம் குடித்தேன், குடிக்கிறேன், குடிப்பேன் போலத்தான் வரும். மஞ்சளில் ஓடு, பாடு, ஆடு, தேடு: ஓடினேன், ஓடுகிறேன், ஓடுவேன். ஒரு வாரம் நீலம் மட்டும், அப்புறம்தான் மஞ்சள்.

படத்தையும் மாற்றினேன். ஓடும் பையன் படம் நேற்றா நாளையா என்று சொல்வதில்லையே! அதனால் ஒரு வினைக்கு மூன்று படம்: நிறைந்த மைலோ கோப்பை, உறிஞ்சும் வாய், காலிக் கோப்பை. "நான் மைலோ குடிப்பேன்" என்று எதிர்காலத்தில் தொடங்கினோம். கதை அப்படித்தானே நடக்கிறது.

மஞ்சள் பழகியதும் "பையைப் போடினேன்" என்றாள். சரி, போடு, சாப்பிடு இரண்டுக்கும் தனியாகச் சிவப்பு அட்டை: போட்டேன், சாப்பிட்டேன். இதற்கு மனப்பாடம்தான் வழி.