ஆட்குறைப்புக் கடிதம் எழுதும்போது செய்யும் தவறுகள்

“நிறுவனத்தின் மறுசீரமைப்பு நடவடிக்கைகளின் ஒரு பகுதியாகத் தாங்கள் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள். சட்டப்படி உரிய தொகைகள் வழங்கப்படும். தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.”

பம்பு மோட்டார் செய்யும் ஒரு சிறிய பட்டறையின் வைண்டிங் தொழிலாளிக்கு இப்படி ஒரு கடிதம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு முறை படித்தாலும், வேறு பிரிவுக்கு மாற்றுகிறார்களா, வேலையே போய்விட்டதா என்று அவருக்குப் புரியாது. கடைசி நாள் எது, கையில் எவ்வளவு வரும் என்பதும் அதில் இல்லை.

“விடுவிப்பு” என்பது ராஜினாமா செய்தவருக்கு எழுதும் சொல். இவர் ராஜினாமா செய்யவில்லை. சட்டம் இதை ஆட்குறைப்பு என்கிறது. கடிதமும் அப்படியே சொல்ல வேண்டும். சொல்லைப் பொறுத்துத்தான் பணமும் இருக்கிறது. தானாக விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. “மரியாதையாக இருக்கும், நீங்களே ஒரு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள்” என்று கேட்பது, கனிவாகத் தோன்றினாலும், அந்த இழப்பீட்டை அவரிடமிருந்து பறித்துவிடும்.

அடுத்த தவறு காரணத்தில் நடக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டமும் சரி, அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்பும் சரி, ஓராண்டாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸை எழுத்தில், காரணத்தோடு கொடுக்கச் சொல்கின்றன. இல்லையென்றால் அந்த மாதச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். “மறுசீரமைப்பு” எதையும் விளக்காது. எந்த ஆர்டர் நின்றது, எத்தனை இடம் குறைகிறது என்று எழுதுங்கள். கூடவே “தங்கள் செயல்திறனும் கருத்தில் கொள்ளப்பட்டது” என்று ஒரு வரியைச் சேர்க்காதீர்கள். அது குறை சொல்லி அனுப்புவதாகிவிடும். விசாரணை எங்கே என்ற கேள்வியும் வரும். ஒரே வகை வேலை செய்பவர்களில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும் என்பது பொது விதி. “ஏன் என்னை?” என்று கேட்பவருக்கு அதுவே நேரான பதில்.

அதிகக் குழப்பம் பணத்தில்தான். நம் தொழிலாளி 2018 ஜூன் 4-இல் சேர்ந்தவர். கடைசி நாள் 2026 பிப்ரவரி 28. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 26,000 ரூபாய். வேறு படி இல்லை. சர்வீஸ் ஏழு வருடம் எட்டு மாதத்துக்கு மேல். ஆறு மாதம் தாண்டிய மிச்சம் முழு வருடமாகும் என்பதால் கணக்குக்கு எட்டு வருடம்.

இழப்பீடு, வருடத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம். மாதச் சம்பளக்காரருக்கு அது அரை மாதம், அதாவது 13,000. எட்டு வருடத்துக்கு 1,04,000. கிராஜுவிட்டியும் 15 நாள்தான், ஆனால் அங்கே மாதத்தை 26 நாளாக வகுக்க வேண்டும். அப்போது வருடத்துக்கு 15,000, மொத்தம் 1,20,000. இரண்டையும் ஒரே எண்ணால் வகுப்பதும், ஒன்றைக் கொடுத்தால் மற்றது வேண்டாம் என்று நினைப்பதும் நான் அடிக்கடி பார்க்கும் பிழைகள். இரண்டும் தனித்தனியாகச் சேர வேண்டியவை.

இப்போது கடிதத்தைத் திருத்தி எழுதினால்:

“வெளிமாநில ஆர்டர் டிசம்பரில் நின்றுவிட்டதால் வைண்டிங் பிரிவில் இரண்டு இடங்களைக் குறைக்கிறோம். அந்தப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்த இருவரில் நீங்கள் ஒருவர். அதனால் உங்களை ஆட்குறைப்பு செய்கிறோம். உங்கள் வேலையில் எந்தக் குறையும் இல்லை. இது ஒரு மாத நோட்டீஸ். கடைசி நாள் 2026 பிப்ரவரி 28. அன்றே இழப்பீடு ரூ.1,04,000 உங்கள் வங்கிக் கணக்கில் சேரும். பிப்ரவரிச் சம்பளம் அடுத்த இரண்டு வேலை நாளுக்குள்ளும், கிராஜுவிட்டி ரூ.1,20,000 முப்பது நாளுக்குள்ளும் வரும். கணக்கு பின்பக்கத்தில் இருக்கிறது. இந்த முடிவை எடுத்தவன் நான். எதைக் கேட்க வேண்டுமானாலும் என்னை நேரில் பாருங்கள், அல்லது கீழே உள்ள எண்ணில் கூப்பிடுங்கள்.”

இழப்பீட்டை “பிறகு தருகிறோம்” என்று தள்ளக் கூடாது. அதைக் கொடுக்காமல் செய்த ஆட்குறைப்பை நீதிமன்றங்கள் செல்லாது என்று சொல்லியிருக்கின்றன.

“கனத்த இதயத்துடன்”, “நாமெல்லாம் ஒரே குடும்பம்” போன்ற வரிகளை எடுத்துவிடுங்கள். வேலை போகிறவரிடம் நம் வருத்தத்தையும் சுமக்கச் சொல்வது நியாயமில்லை. “உங்கள் வேலையில் குறையில்லை” என்பதை மட்டும், உண்மையென்றால், கட்டாயம் எழுதுங்கள். அடுத்த இடத்தில் வேலை கேட்கும்போது அவர் காட்டக்கூடிய ஒரே வரி அதுவாக இருக்கலாம்.

கடிதத்தை நீட்டிய கையோடு “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற தாளிலும் கையெழுத்து வாங்குகிறார்கள். கடிதம் கிடைத்தது என்பதற்கு மட்டும் வாங்குங்கள். கணக்கை அவர் வீட்டில் காட்டி, தெரிந்தவர் ஒருவரிடம் சரிபார்த்துவிட்டு வரட்டும்.