பழைய வீட்டை விற்கும்போது குறைகளை எழுதிக் கொடுப்பதில் செய்யும் தவறுகள்

சித்திரையில் வீடு பார்க்க வருபவருக்கு எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான். ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்த பிறகுதான் படுக்கையறை மூலையில் பெயிண்ட் உப்பி, வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு உதிரத் தொடங்கும். "தெரிந்தே மறைத்துவிட்டார்" என்ற சண்டையும் அப்போதுதான் தொடங்கும்.

விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்ணில் படாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆவது பிரிவு. சொல்லாமல் விட்டால் அதை மோசடியாகவே கருதுகிறது. வெயில் காலத்தில் காய்ந்து கிடக்கும் ஓதம் இதற்குச் சரியான உதாரணம். அதனால் விற்பதற்கு முன் அந்த மூலைக்கு மட்டும் புட்டி வைத்துப் புது பெயிண்ட் அடிப்பதுதான் முதல் தவறு. மறைக்க நினைத்தார் என்பதற்கு அந்தப் பெயிண்டே சாட்சியாகிவிடும்.

அடுத்தது, மழுப்பலாக எழுதுவது. "பழைய வீடு, சிறு குறைகள் இருக்கலாம்" என்ற வரியால் யாருக்கும் பாதுகாப்பில்லை. எந்த இடம், எப்போது தெரிகிறது, என்ன செய்தோம் என்று எழுத வேண்டும். 1990-களில் கட்டிய வீடு என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இப்படி எழுதலாம்:

"மாடிக் குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து சுமார் 2 அடி உயரம் வரை மழைக்காலத்தில் ஓதம் வரும். போன வருடம் டைல்ஸ் இடுக்குகளை அடைத்தோம். அதன் பிறகும் லேசாக வந்தது. வீட்டு வயரிங் கட்டியபோது போட்டதே. ஹாலிலும் சமையலறையிலும் மூன்று துளை பிளக் இருந்தாலும் எர்த் வயர் இல்லை."

கடைசி வரி மிக அவசியம். மூன்று துளையைப் பார்த்தால் எர்த் இருப்பதாகத்தான் யாரும் நினைப்பார்கள். எலக்ட்ரீஷியன் ஃபேஸுக்கும் எர்த் துளைக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் வைத்து, பல்பு எரியாமல் போனால்தான் விஷயம் தெரியும். அதுவரை அந்தப் பிளக்கில் வாஷிங் மெஷினைப் போட்டு ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

"சரி செய்துவிட்டோம், இனி ஒழுகாது" என்றும் எழுதாதீர்கள். செய்த வேலையைச் சொன்னால் அது தகவல். இனி வராது என்றால் அது உத்தரவாதம். மறுபடி ஒழுகினால் உங்கள் மேல்தான் திரும்பும்.

பத்திரப்பதிவு அன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் தாளை நீட்டுவது இன்னொரு தவறு. அட்வான்ஸ் வாங்கும் முன்பே கொடுங்கள். வாங்குபவர் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து பார்த்து, செலவைக் கணக்குப் போட்டு, விலையைக் குறைத்துக் கேட்கட்டும். பேரம் முடிந்ததும் இருவரும் தேதியோடு ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, கிரைய ஒப்பந்தத்தோடு இணைத்து, ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதிய குறையைப் பற்றி "எனக்குத் தெரியாது" என்று பிறகு வாதிட இடமிருக்காது.

ஒப்பந்தத்துக்கும் பதிவுக்கும் நடுவே ஒரு மழை வந்து புதிதாக ஓர் இடம் ஒழுகினால், அதையும் அன்றைய தேதி போட்டுச் சேர்த்து, இருவரும் மறுபடி கையெழுத்திடுங்கள்.