மூன்றில் ஒன்றை எடுத்தால் போதாது: சாம்பிள் ரேட் மாற்றும்போது செய்யும் தவறுகள்

பேச்சைப் பதிவு செய்த கோப்பு 48,000 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் மென்பொருள் 16,000 ஹெர்ட்ஸ் கேட்கிறது. கணக்கு எளிது: 48-ஐ 16-ஆல் வகுத்தால் 3. அப்படியானால் மூன்று சாம்பிளுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டை விட்டுவிடலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும்.

```
y = x[::3]
```

நானும் இப்படித்தான் எழுதினேன். பேச்சின் நீளம் மாறவில்லை, குரல் மாறவில்லை, சொற்களும் புரிந்தன. ஆனால் 'ஸ', 'ஷ' வரும் இடங்களில் மட்டும் ஒரு சொரசொரப்பு, கூடவே மெல்லிய விசில். மைக்கில் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் அதையே நோண்டிக்கொண்டிருந்தேன். கோளாறு அந்த ஒற்றை வரியில் இருந்தது.

என்ன நடக்கிறது என்பதை ஒரே ஒரு ஒலியை வைத்துப் பார்த்துவிடலாம். 10,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 48,000-இல் அது ஒரு சாம்பிளிலிருந்து அடுத்த சாம்பிளுக்கு 75 பாகை சுழலும். மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்தால், நாம் பார்க்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் இடையே 225 பாகை. கொசைன் மதிப்புகளை எழுதிப் பாருங்கள்: 1, −0.71, 0, 0.71, −1. இப்போது 16,000-இல் பதிவான 6,000 ஹெர்ட்ஸ் ஒலியை எடுங்கள். அது சாம்பிளுக்கு 135 பாகை சுழலும். அதன் மதிப்புகள்: 1, −0.71, 0, 0.71, −1. ஒரு புள்ளிகூட மாறவில்லை! 16,000 ஹெர்ட்ஸில் 8,000 வரைதான் இடம் உண்டு. அதற்கு மேலே இருப்பது காணாமல் போவதில்லை. 8,000-ஐக் கண்ணாடியாக வைத்துக் கீழே மடிந்து வந்து உட்காருகிறது. இதைத்தான் ஏலியாசிங் என்கிறோம். 'ஸ' ஒலியின் ஆற்றலில் பெரும்பகுதி உச்ச அலைவரிசைகளில் இருப்பதால்தான் அங்கே முதலில் காது உறுத்துகிறது.

இது புரிந்ததும் பலர் செய்யும் அடுத்த தவறு, சாம்பிள்களைக் குறைத்த பிறகு ஃபில்டர் போடுவது. மேலே உள்ள இரண்டு வரிசைகளை மறுபடி பாருங்கள். இரண்டும் ஒன்றேயாக இருக்கும்போது, இது உண்மையான 6,000, இது மடிந்து வந்த 10,000 என்று எந்த ஃபில்டர் பிரிக்கும்? பிரிக்கவே முடியாது. 8,000-க்கு மேலே உள்ளதை வெட்டும் வேலை, 48,000-இல் இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும்.

சரி, முதலிலேயே ஃபில்டர் போடுகிறோம் என்று மூன்று மூன்று சாம்பிளாகச் சராசரி எடுப்பவர்களும் உண்டு. சராசரியும் ஒரு ஃபில்டர்தான், ஆனால் மிகவும் பலவீனமானது. அதே 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அளவில் பாதி அதைத் தாண்டி வந்துவிடும். இன்னொரு பக்கம், காப்பாற்ற வேண்டிய 7,000 ஹெர்ட்ஸ் ஒலி 74 சதவீதமாகச் சுருங்கிவிடும். வேண்டாததும் முழுதாகப் போகவில்லை, வேண்டியதும் முழுதாக மிஞ்சவில்லை.

நல்ல ஃபில்டருக்குக் கொஞ்சம் நீளம் வேண்டும். 7,200 வரை தொடாமல் விட்டு, 8,000-க்குள் 80 டெசிபெல் இறக்க வேண்டுமானால், 48,000-இல் ஏறத்தாழ 300 குணகங்கள் தேவைப்படும். எடைபோட்ட சராசரி என்று இதை நினைத்துக்கொள்ளலாம்: வெளியே வரும் ஒவ்வொரு சாம்பிளும் உள்ளே இருக்கும் 300 சாம்பிள்களைக் கேட்டு முடிவாகிறது. வெட்டும் எல்லையைச் சரியாக 8,000-இல் நடுவாக வைப்பதும் தவறுதான். எந்த ஃபில்டரும் செங்குத்தாக விழாது, ஒரு சரிவு இருக்கும். அந்தச் சரிவு 8,000-க்குள் முடியவேண்டும்.

இவ்வளவையும் கையால் எழுத வேண்டியதில்லை. பைத்தானில் `scipy.signal.resample_poly(x, 1, 3)` ஃபில்டரையும் குறைப்பையும் சரியான வரிசையில் சேர்த்தே செய்துவிடும்.

அப்புறம், எதிர்த்திசை. 16,000-இலிருந்து 48,000-க்கு ஏற்றும்போது, இழக்க ஒன்றுமில்லையே, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடு இழுத்து இடைவெளியை நிரப்பினால் போதாதா என்று தோன்றும். வரைபடத்தில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். 5,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை அப்படி ஏற்றினால், வெளியே வருவது மூன்று ஒலிகள்: அசல் 5,000 ஹெர்ட்ஸ் 74 சதவீத அளவில், அதோடு 11,000-இல் 18 சதவீதம், 21,000-இல் 8 சதவீதம். கூட்டினால் நூறு வருகிறது. நேர்கோடு அசலிலிருந்து பிடுங்கியதைத்தான் பிம்பங்களாக மேலே கொட்டியிருக்கிறது. கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு முனையும் ஒரு மூலை, உண்மையான ஒலியலையில் அந்த மூலை கிடையாது. ஆகவே இங்கேயும் ஃபில்டர்தான் இடைச்செருகலைச் செய்கிறது: நடுவே இரண்டு பூச்சியங்களைப் போட்டு, 8,000-க்கு மேல் உள்ள பிம்பங்களை வெட்டினால், பூச்சியம் இருந்த இடத்தில் சரியான மதிப்பு தானாக வந்து நிற்கும். பூச்சியங்கள் அளவைக் குறைத்துவிடுவதால் முடிவை மூன்றால் பெருக்க மறக்கக் கூடாது.

48,000-ஐ 44,100 ஆக்குவதில் வகுத்தால் முழு எண் வராது. ஆனால் விகிதம் 147/160 என்று துல்லியமாகச் சுருங்கும். அதை 0.92 என்று எழுதிக்கொண்டு அருகில் இருக்கும் சாம்பிளை எடுத்தால் இரண்டு கேடு. தேவையான இடம் இரண்டு சாம்பிள்களுக்கு நடுவே விழும்போது ஏற்படும் பிழை ஒவ்வொரு முறையும் வேறு அளவில் இருப்பதால், ஒலியோடு ஒட்டாத சத்தம் கிளம்பும். 0.92-க்கும் 147/160-க்கும் உள்ள வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல், அதனால் ஒரு மணி நேரப் பதிவில் 4 விநாடிக்கு மேல் ஒலி நழுவியிருக்கும். `resample_poly(x, 147, 160)` என்று முழு எண்களாகவே கொடுங்கள்.

நேரலையில் துண்டு துண்டாக மாற்றுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 1,024 சாம்பிள் கொண்ட துண்டை மூன்றால் வகுத்தால் மீதி ஒன்று வரும். ஒவ்வொரு துண்டையும் புதிதாகத் தொடங்கினால் 341.33-க்குப் பதில் 342 சாம்பிள்கள் வரும், ஃபில்டரின் நினைவும் அழிந்துவிடும். விநாடிக்கு 47 முறை ஒரு 'டிக்'. முந்தைய துண்டின் கடைசிச் சாம்பிள்களையும், எந்த இடத்தில் நின்றோம் என்பதையும் அடுத்த துண்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

மாற்றி சரியாக வேலை செய்கிறதா என்று பேச்சை வைத்துச் சோதிக்காதீர்கள், பேச்சில் தவறு ஒளிந்துகொள்ளும். ஏறிக்கொண்டே போகும் ஒற்றை ஒலி ஒன்றை உருவாக்குங்கள்.

```
sox -n -r 48000 -b 24 sweep.wav synth 10 sine 20:23000 gain -6
```

இதை உங்கள் மாற்றியில் கொடுத்து, வெளிவரும் `out.wav` கோப்பைப் படமாகப் பாருங்கள்.

```
sox out.wav -n spectrogram -o out.png
```

16,000-க்கு மாற்றியிருந்தால், கோடு நேராக ஏறி ஏறத்தாழ 3.5 விநாடியில் உச்சிக்கு அருகே மறையவேண்டும், அதன் பிறகு படம் வெறுமையாக இருக்கவேண்டும். `x[::3]` கொடுத்த கோப்பில் அதே கோடு உச்சியில் மோதித் திரும்பும். 7 விநாடியில் அடியைத் தொட்டு, மறுபடி ஏறத் தொடங்கும்.